காந்தத்துக்குள் ஒரு ஜெர்மானியச் சில்லு

விரல் நகத்தில் பாதி இருக்கும் ஒரு ஜெர்மானியச் சில்லு. அதற்குள் மின்சாரத்தைச் சுமப்பவை எலக்ட்ரான்களா, எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்களான ‘துளை’களா? ஒரு கன சென்டிமீட்டரில் அவை எத்தனை? உடைத்துப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மின்காந்தமும் மில்லிவோல்ட்மீட்டரும் இருந்தால் இரண்டையும் சொல்லிவிடலாம். 1879-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எட்வின் ஹால் என்ற மாணவர் கண்ட விளைவுதான் இதற்கு அடிப்படை. எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட அப்போது இன்னும் 18 ஆண்டுகள் இருந்தன.

சில்லை மேசைமேல் படுக்க வையுங்கள். மின்னோட்டம் இடமிருந்து வலமாக ஓடட்டும். காந்தப்புலம் மேசையிலிருந்து செங்குத்தாக மேலே எழட்டும். ஓடும் மின்னூட்டங்களை அந்தப் புலம் பக்கவாட்டில், உங்களை நோக்கித் தள்ளும். அவை உங்கள் பக்க விளிம்பில் குவியும். எதிர் விளிம்புக்கும் இதற்கும் இடையே ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கும். குவிந்தவை உண்டாக்கும் மின்விசை காந்த விசைக்கு ஈடானதும் தள்ளுமுள்ளு நின்றுவிடும். அந்த மின்னழுத்தத்துக்குத்தான் ஹால் மின்னழுத்தம் என்று பெயர்.

மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறுவது இங்கேதான். துளைகள் ஒரு விளிம்புக்குப் போனால் எலக்ட்ரான்கள் மறு விளிம்புக்குத்தானே போக வேண்டும்? இல்லை. மின்னோட்டம் வலப்புறம் என்றால் எலக்ட்ரான்கள் இடப்புறமாக ஓடுகின்றன. மின்னூட்டத்தின் குறியும் மாறுகிறது, ஓடும் திசையும் மாறுகிறது. இரண்டு தலைகீழும் சேர்ந்து விசையைப் பழைய பக்கத்துக்கே கொண்டுவந்துவிடும். எது ஓடினாலும் உங்கள் விளிம்பில்தான் குவியும். அதனால்தான் இந்தச் சோதனை வகையைக் காட்டிக்கொடுக்கிறது: அந்த விளிம்பு நேர்மின்னழுத்தம் காட்டினால் துளைகள், அதாவது p வகை, எதிர்மின்னழுத்தம் காட்டினால் எலக்ட்ரான்கள், n வகை.

இனி எண்ணிக்கை. மின்சாரத்தைச் சுமக்கும் ஊர்திகள் குறைவாக இருந்தால் அதே மின்னோட்டத்தைக் கொண்டுசெல்ல ஒவ்வொன்றும் வேகமாக ஓட வேண்டும். வேகமாக ஓடுவதைக் காந்தப்புலம் பலமாகத் தள்ளும். ஆகவே ஊர்தி குறையக் குறைய மின்னழுத்தம் கூடும்:

n = I B / (e t V)

இதில் t சில்லின் தடிமன். அகலமும் நீளமும் சூத்திரத்தில் இல்லை. தடிமனை அளப்பதில் 10 சதவீதம் பிசகினால் விடையும் ஏறக்குறைய அதே அளவு பிசகும்.

ஓர் உதாரணம். சில்லின் தடிமன் 0.5 மி.மீ., மின்னோட்டம் 2 மில்லி ஆம்பியர், புலம் 0.3 டெஸ்லா, அதாவது 3,000 காஸ். மீட்டர் +10.8 மில்லிவோல்ட் காட்டுகிறது. அவசரக்காரர் இதை அப்படியே சூத்திரத்தில் போட்டுவிடுவார். ஆனால் காந்தத்தை அணைத்துச் சில்லை வெளியே எடுத்தாலும் மீட்டரில் 3.3 மில்லிவோல்ட் நிற்கிறது! கம்பி இணைப்புகள் நேருக்கு நேர் அமையாததன் வினை இது. சில்லின் அகலம் 4 மி.மீ., மின்தடை எண் 3.3 ஓம் சென்டிமீட்டர் என்றால், ஓர் இணைப்பு 0.1 மி.மீ. தள்ளியிருப்பதே இந்த அளவுக்குப் போதும். அந்த இடைவெளியில் மின்னோட்டப் பாதையில் விழும் சாதாரண மின்னழுத்தம் ஹால் அளவோடு கலந்துவிடுகிறது.

பரிகாரம் எளிது. புலத்தின் திசையைத் திருப்புங்கள். ஹால் மின்னழுத்தம் குறி மாறும். இந்தக் கலப்படம் மாறாது. இப்போது மீட்டர் −4.2 காட்டும். முதல் அளவிலிருந்து இதைக் கழித்துப் பாதியாக்கினால் கிடைப்பது 7.5 மில்லிவோல்ட். சூத்திரத்தில் போட்டால் ஒரு கன மீட்டரில் 10²¹, ஒரு கன சென்டிமீட்டரில் 10¹⁵ துளைகள். சுமார் 4.4 கோடி ஜெர்மானிய அணுக்களுக்கு ஒரு துளை. முதல் அளவையே நம்பியவருக்கு இதில் 30 சதவீதம் குறைவாக வந்திருக்கும்.

இதே அளவுள்ள செம்புத் தகட்டில் ஹால் மின்னழுத்தம் ஒரு நானோவோல்ட்டில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஊர்திகள் அவ்வளவு நெரிசல். ஹால் கண்ணாடிமேல் ஒட்டிய மெல்லிய தங்கத் தகட்டை எடுத்ததன் பயன் இதில் புரியும்: தடிமன் குறைந்தால் மின்னழுத்தம் கூடும்.

ஒரே வகை ஊர்தி ஓடும்வரைதான் மேலே சொன்ன சூத்திரம் செல்லும். நம் p வகைச் சில்லைச் சூடாக்கினால் வெப்பமே எலக்ட்ரான்–துளை இணைகளைப் பிறப்பிக்கத் தொடங்கும். இரு வகையும் ஒரே விளிம்பில் குவிவதால் ஒன்றின் மின்னழுத்தத்தை மற்றது அடிக்கும். ஜெர்மானியத்தில் எலக்ட்ரான்கள் துளைகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு சுறுசுறுப்பு. அந்தச் சுறுசுறுப்பு இருபடியாகக் கணக்கில் சேர்வதால், துளைகளில் கால் பங்கு எலக்ட்ரான்கள் வந்ததுமே ஹால் மின்னழுத்தம் பூஜ்யமாகிவிடும். நம் சில்லில் இது ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸில் நடக்கும். மேலும் சூடாக்கினால் குறி எதிர்மறையாகிவிடும். அங்கே n வகை என்று எழுதிவைப்பவர் பிழை செய்கிறார். அந்தச் சூட்டிலும் துளைகளே எண்ணிக்கையில் அதிகம்.