கேமராவுக்குத் தெரியாத குடல் அழற்சி

வயது 66. மூன்று மாதமாக வயிற்றுப்போக்கு. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை வெறும் தண்ணீராகப் போகிறது. ரத்தமோ காய்ச்சலோ இல்லை. மலப் பரிசோதனையில் கிருமி எதுவும் இல்லை. கொலோனோஸ்கோபியிலும் பெருங்குடல் முழுக்கச் சுத்தமாகத் தெரிகிறது. ‘எல்லாம் நார்மல், டென்ஷனாக இருக்கும்’ என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் டென்ஷனால் வரும் குடல் தொந்தரவு பெரும்பாலும் தூக்கத்தைக் கெடுக்காது. இவரோ நள்ளிரவிலும் எழுந்து ஓடுகிறார்.

வயதான பெண்களிடம் இப்படிப்பட்ட அறிகுறிகள் இருந்தால் மைக்ரோஸ்கோபிக் கொலைட்டிஸ் என்ற அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். குடலின் உட்சுவரில் புண் இருக்காது. ஆனாலும் அந்தச் சுவர் தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது. உறிஞ்சப்படாத தண்ணீர்தான் பேதியாக வெளியேறுகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி பயாப்ஸி. கொலோனோஸ்கோபிக் குழாய் உள்ளே இருக்கும்போதே சிறு இடுக்கியால் குடல் சுவரிலிருந்து துணுக்குகளைக் கிள்ளி எடுப்பார்கள். வலி தெரியாது. சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இரண்டில் ஒன்று தெரியும். முதல் வகையில், மேற்பரப்புச் செல்களுக்கு இடையே லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் புகுந்திருக்கும். 100 செல்களுக்கு 20-க்கு மேல் இருந்தால் அது லிம்போசைட்டிக் வகை. இரண்டாவது வகையில், அந்தச் செல்களுக்கு அடியில் கொலாஜன் என்ற புரதம் பட்டையாகத் தடித்திருக்கும். அது 10 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் கொலாஜனஸ் வகை. இந்த வகையை 1976-ல் சுவீடனின் லிண்ட்ஸ்ட்ரோம் முதன்முதலில் விவரித்தார்.

எங்கே கிள்ளுகிறார்கள் என்பதும் முக்கியம். மாற்றம் குடல் முழுக்க ஒரே சீராக இருக்காது. மலக்குடலில் மட்டும் எடுத்தால் நோய் தப்பிவிடலாம். அதனால் பெருங்குடலின் வலப்புறம், இடப்புறம் இரண்டிலிருந்தும் பல துணுக்குகள் எடுத்து, தனித்தனி புட்டிகளில் லேபுக்கு அனுப்ப வேண்டும்.

நோய் உறுதியானதும் முதலில் பார்க்க வேண்டியது மருந்துப் பட்டியலை. மூட்டுவலி மாத்திரை, அசிடிட்டிக்கான லான்சோபிரசோல், மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் போன்றவற்றுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு. சிகரெட்டுக்கும் உண்டு. மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்று உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

முதன்மை மருந்து பியூடெசோனைட். குடலிலேயே பெரும்பாலும் வேலை செய்யும் ஸ்டீராய்டு இது. வழக்கமாகத் தினமும் 9 மில்லிகிராம், ஆறு முதல் எட்டு வாரம். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே பேதி கட்டுப்படும். ஆனால் நிறுத்திய பிறகு பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்ப வருகிறது. அவர்களுக்குக் குறைந்த அளவில் மருந்து தொடரும். இந்த நோயால் குடல் புற்றுநோய் வரும் என்ற பயம் வேண்டாம்.

நாலு வாரத்துக்கு மேல் தண்ணீராகப் போகிறதா? கொலோனோஸ்கோபி நார்மல் என்றார்களா? ரிப்போர்ட்டில் பயாப்ஸி எடுத்ததாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஏன் எடுக்கவில்லை என்று தயங்காமல் கேளுங்கள்.