நீரிழிவுக்கான மூலிகைப் பொடி: விளம்பரத்தில் எழுதக் கூடாத நான்கு வாசகங்கள்

சிறுகுறிஞ்சான், வெந்தயம், நாவல்கொட்டை ஆகியவற்றை இடித்துப் பொடியாக்கி விற்பவர்கள் நம் நோயாளிகளின் குடும்பங்களிலும் உள்ளனர். அவர்கள் வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் இடும் பதிவுகளை மற்ற குடும்பங்கள் படித்துப் பகிர்கின்றன. அத்தகைய பதிவுகளில் பெரும்பாலும் காணப்படும் நான்கு வாசகங்களை எடுத்துக்கொண்டு, அவை ஏன் கூடாதவை என்பதை இங்கு விளக்குகிறோம்.

முதல் வாசகம்: “முப்பதே நாளில் சர்க்கரை நோய் அடியோடு குணமாகும்.” முதல் வகை நீரிழிவில் கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்துவிடுகின்றன, எந்தப் பொடியும் அவற்றை மீட்டுத் தருவதில்லை. இரண்டாம் வகையில், உடல் எடையை வெகுவாகக் குறைத்த சிலர் மருந்தின்றியே இயல்பான அளவில் இருப்பதுண்டு. எனினும் எடை கூடினால் சர்க்கரையும் மீண்டும் ஏறக்கூடும். எனவே அதையும் நாங்கள் ‘தணிவு’ என்கிறோமே தவிர ‘குணம்’ என்பதில்லை.

இரண்டாம் வாசகம்: “மாத்திரையும் இன்சுலினும் இனி வேண்டா.” நான்கில் மிகக் கொடியது இதுவே. முதல் வகை நீரிழிவுள்ள ஒரு சிறுமி இதை நம்பி இன்சுலினை நிறுத்துகிறாள் எனக் கொள்வோம். இன்சுலின் இல்லாமல் உடலால் சர்க்கரையைப் பயன்படுத்த முடியாது. ஆகவே அது கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. அதனால் உண்டாகும் கீட்டோன் அமிலங்கள் இரத்தத்தில் சேர்கின்றன. ஓரிரு நாட்களுக்குள்ளேயே தாகம், வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழவாடை, மயக்கம் என நிலைமை முற்றுகிறது. தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. இவ்வறிகுறிகள் தென்பட்டால் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வர வேண்டும்.

மூன்றாம் வாசகம்: “முற்றிலும் இயற்கையானது, பக்கவிளைவே இல்லை.” சிறுகுறிஞ்சானுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை ஓரளவு உண்டு. ஏற்கெனவே கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் அதையும் சேர்த்து உண்டால், இரண்டின் விளைவும் கூடிச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், பதற்றம், குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். நினைவுடன் இருப்பவருக்கு உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். நினைவிழந்தவருக்கு வாய்வழி எதையும் புகட்டலாகாது.

இன்னொன்றும் உண்டு. மூலிகை என்று விற்கப்பட்ட சில பொடிகளில் கிளிபென்கிளமைடு என்னும் ஆங்கில மருந்து கலந்திருந்ததைப் பல நாடுகளின் ஆய்வகங்கள் கண்டறிந்துள்ளன. பொட்டலத்தில் அதன் பெயரோ அளவோ இராது. மொத்தமாக வாங்கி, பிரித்து விற்பவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். பொடியைத் தொடங்கிய ஓரிரு நாளிலேயே சர்க்கரை திடீரெனச் சரிந்தால் மகிழ்ச்சி கொள்ளாமல் ஐயம் கொள்ளுங்கள்.

நான்காம் வாசகம்: “எங்கள் வாடிக்கையாளருக்கு 310 இருந்த சர்க்கரை 140 ஆனது.” முதல் அளவு உணவுக்குப் பின்னும் அடுத்த அளவு வெறும் வயிற்றிலும் எடுக்கப்பட்டிருந்தால் இந்த ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை. இடையில் அவர் இனிப்பை நிறுத்தினாரா, மாத்திரையைத் தொடர்ந்தாரா என்பதும் பதிவில் இராது. கடந்த மூன்று மாத நிலையைக் காட்டுவது எச்பிஏ1சி பரிசோதனை. அதுவும் ஒருவரது முடிவை மற்றவருக்கு உறுதிமொழியாக்காது.

சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், 1954, தன் அட்டவணையில் நீரிழிவையும் சேர்த்துள்ளது. அந்நோயைக் குணப்படுத்தும், தணிக்கும், தடுக்கும் என எந்த மருந்தையும் விளம்பரம் செய்வது குற்றம். முதல் முறையே ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். “மருந்தன்று, உணவுதான்” என்று கூறியும் தப்ப முடியாது: உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் எனக் கூறுவதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன.

அப்படியானால் எதைத்தான் எழுதலாம்? உட்பொருள்கள், ஒவ்வொன்றின் அளவு, தயாரித்த நாள், காலாவதி நாள், உரிம எண் ஆகியவற்றை எழுதலாம். அவற்றுடன், “நீரிழிவுக்கு மருந்து எடுப்போர் மருத்துவரைக் கேட்காமல் இதை உண்ண வேண்டா, தம் மருந்தை நிறுத்தவும் வேண்டா” என்ற வரியையும் சேர்க்க வேண்டும்.

ஏற்கெனவே இத்தகைய பொடியை உண்டுவருவோர் அடுத்த முறை வரும்போது அதைப் பொட்டலத்தோடு கொண்டுவாருங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். அதில் உள்ளது என்ன என்பது தெரிந்தால்தான் உங்கள் மருந்தின் அளவைச் சரியாக முடிவுசெய்ய எங்களால் இயலும்.