கோட்டுக்கு உயரம், கட்டத்துக்குத் தூரம்

டீ ஆறட்டும் தம்பி, லேப்டாப்பை இப்படித் திருப்பு. டோப்போ ஷீட்டைப் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறாய். கூடாரம் போடும் இடத்திலிருந்து முகடு வரை சரிவு எவ்வளவு, முகட்டின் மேல் ஏற்ற இறக்கம் எப்படி, இதுதானே தெரிய வேண்டும்? ஓரத்தில் 1:50,000 என்று இருக்கிறதே, ஸ்கேல் வைத்து அளந்தால் போதாதா என்கிறாய். போதாது. அந்த எண் அச்சிட்ட காகிதத்துக்கு மட்டுமே செல்லும். காகிதத்தில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. படத்தைத் திரையில் பெரிதாக்கியதுமே அந்தக் கணக்கு செத்துவிடும்.

உயரத்துக்கு அந்த ஆபத்து இல்லை. படம் பெருத்தாலும் சிறுத்தாலும் கோடுகளின் எண்ணிக்கை மாறாதே! அதனால் முதலில் உயரத்தைப் பார்ப்போம். இந்தப் பழுப்புக் கோடுகள்தாம் சம உயரக் கோடுகள். இந்த ஷீட்டில் கோட்டுக்குக் கோடு 20 மீட்டர். ஐந்தாவது கோடு ஒவ்வொன்றும் தடிமனாக இருக்கும், அதாவது 100 மீட்டருக்கு ஒன்று. பழைய அங்குல ஷீட்டுகளில் உயரம் அடியில் இருக்கும், ஆகவே ஓரக்குறிப்பைப் படிக்காமல் எண்ணத் தொடங்காதே.

உன் கூடாரம் 1,840 கோட்டில். முகட்டைத் தொடும் இடம் 2,020 கோட்டில். இரண்டையும் சேர்த்து எண்ணினால் பத்துக் கோடுகள் வரும். 200 மீட்டர் என்று சொல்லிவிடாதே. எண்ண வேண்டியது இடைவெளிகளை. ஒன்பது இடைவெளி, 180 மீட்டர். செங்குத்தான பக்கத்தில் மெல்லிய கோடுகள் படத்தில் ஒன்றோடொன்று கலந்து பழுப்புத் தீற்றலாகத் தெரிகின்றன, பார். அங்கே கண்ணைச் சிரமப்படுத்தாதே. ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் போ. சரிவு குறையும் இடத்தில் கோடுகள் தாமாகவே பிரிந்து நிற்கும், அங்கே எண்ணு.

இனி தூரம். ஷீட்டின் மேல் 1 கி.மீ. கட்டங்கள் இருக்கின்றன அல்லவா, அவையும் மலையோடு சேர்ந்தே படத்தில் பெருத்திருக்கின்றன. உன் இரண்டு புள்ளிகளும் இருக்கும் கட்டத்தை அள: திரையில் 48 மி.மீ. ஜூமைத் தொடாமல் புள்ளிகளுக்கு நடுவே அள: 36 மி.மீ. அப்படியானால் முக்கால் கிலோமீட்டர், 750 மீட்டர். 180-ஐ 750-ஆல் வகுத்தால் 24 சதவீதம், கோணத்தில் சுமார் 13½ பாகை. ஓரத்தில் இருந்த 1:50,000-ஐ நம்பியிருந்தால் 36 மி.மீ. 1,800 மீட்டராகியிருக்கும், சரிவு 10 சதவீதம் என்று வந்திருக்கும். மூட்டை சுமந்து ஏறுகிறவனுக்கு அது பெரிய ஏமாற்றம்.

பக்கத்துக் கட்டத்தை ஏன் அளக்கக் கூடாது என்றால், போனைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தாலும் தொலைவில் இருக்கும் கட்டங்கள் சிறுத்துவிடும். நான்கு மூலையிலும் ஒவ்வொரு கட்டத்தை அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். காகித மடிப்பு மேடிட்ட இடத்தை நான் நம்புவதே இல்லை.

24 என்பது சராசரிதான். முதல் ஐந்து இடைவெளி 24 மி.மீ.யில் பரவியிருக்கிறது, அதாவது 500 மீட்டருக்கு 100 மீட்டர் ஏற்றம், 20 சதவீதம். கடைசி நான்கு இடைவெளி 12 மி.மீ.க்குள் நெருங்கிவிடுகிறது: 250 மீட்டரில் 80 மீட்டர், 32 சதவீதம். கால் தளரும் நேரத்தில்தான் மலை நிமிர்கிறது.

இப்போது முகடு. கோடுகளின் வளைமுனை தாழ்ந்த பக்கம் நோக்கி நீண்டால் முகடு; உயர்ந்த பக்கம் நோக்கிக் குத்தினால் ஓடை. அந்த முனைகளைத் தொடுத்தால் முகட்டின் வழி கிடைக்கும். திரையில் ஒரு கட்டம் 20 மி.மீ. ஆகும்படி படத்தைச் சுருக்கிக்கொள். ஒரு காகிதப் பட்டையின் விளிம்பை அந்த வழியின் மேல் வைத்து, கோடு வெட்டும் இடமெல்லாம் பென்சிலால் குறித்து, உயரத்தையும் எழுது. முகடு வளையும் இடத்தில் பென்சில் முனையை ஊன்றிப் பட்டையைத் திருப்பிக்கொள். பிறகு பட்டையை வரைபடத் தாளின் அடிக்கோட்டில் வைத்து, ஒவ்வொரு குறிக்கும் நேர் மேலே அதன் உயரத்தில் புள்ளி வைத்து இணை. கிடையில் 1 செ.மீ.க்கு 500 மீட்டரும் உயரத்தில் 1 செ.மீ.க்கு 100 மீட்டரும் வைத்தால் மலை ஐந்து மடங்கு நிமிர்ந்து தெரியும். நம் 13½ பாகைச் சரிவு தாளில் 50 பாகையாக நிற்கும். பயப்படாதே, அந்தத் தாளில் கோணம் மட்டும் அளக்காதே.

உன் முகட்டில் ஓர் இடம் கவனி. 2,080 வளையத்தைக் கடந்து இறங்கும்போது 2,020 கோடு வருகிறது. அடுத்த குன்றில் ஏறும்போது மறுபடி 2,020. நடுவே கோடே இல்லை. அங்கே தட்டையாகக் கோடிழுத்துவிடுவார்கள். அது கணவாய், 2,020-க்குக் கீழே, ஆனால் 2,000-க்கு மேலே. 2,010 என்று வைத்துப் புள்ளிக்கோட்டால் வரை. அந்த இடைவெளிக்குள் 15 மீட்டர் பாறைச் செங்குத்து இருந்தால்கூடக் கோடுகள் அதைக் காட்டாமல் போகலாம். பாறைக் குறி ஏதும் இருக்கிறதா, கொஞ்சம் பெரிதாக்கிப் பார்.