உடைந்த போன் திரையைச் சொல்லில் காட்டுதல்

போன் திரை உடைந்தால் எவ்வளவு செலவாகும் என்பது, திரையின் எந்த அடுக்கு கெட்டது என்பதைப் பொறுத்தது. மேலே கண்ணாடி, அதன் கீழே விரலை உணரும் டச், அதற்கும் கீழே படத்தைக் காட்டும் டிஸ்ப்ளே. இவை பசையால் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். கண்ணாடி மட்டும் போயிருந்தால் அதை மட்டும் பிரித்து மாற்றலாம். மற்ற இரண்டில் ஒன்று போனாலும், பெரும்பாலான இன்றைய போன்களில் கடைக்காரர்கள் ‘காம்போ’ என்று சொல்லும் முழுத் தொகுதியையே மாற்ற வேண்டும். செலவு பல மடங்காகும்.

விழுந்த அன்று வேறொருவர் போனில் எடுத்த படம் அழிந்துபோய், தொலைபேசியில் விலை கேட்க நேரும்போது, சொல்லும் விவரம்தான் இந்த முடிவுக்கு அடிப்படை. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பிப் பயனில்லை. அது போனின் நினைவகத்திலிருந்து உருவாகும் படம்; கண்ணாடியின் விரிசலும் டிஸ்ப்ளேயின் கறையும் அதில் விழாது. ஆனால் திரையில் தெரியும் கோடு ஸ்க்ரீன்ஷாட்டை வேறு போனில் பார்த்தாலும் தெரிந்தால், கோளாறு டிஸ்ப்ளேயில் இல்லை, உள்ளே வேறெங்கோ இருக்கிறது. அதைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

முதலில் விரிசலைப் பார்க்க வேண்டும். திரையை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் போனைச் சாய்த்துப் பிடித்தால் கோடுகள் தெளிவாகத் தெரியும். டெம்பர்டு கிளாஸ் ஒட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது அவசியம். உடைந்தது அது மட்டுமாகவும் இருக்கலாம். பிறகு அடிபட்ட புள்ளியைத் தேட வேண்டும். கோடுகள் அங்கிருந்துதான் கிளம்பும். அந்த இடத்தில் கண்ணாடி பொடியாகி, சிலந்தி வலைபோல் இருக்கும். அடி மூலையிலா நடுவிலா, எத்தனை கோடுகள் கிளம்புகின்றன, மிக நீளமான கோடு எந்த ஓரம்வரை போகிறது, துண்டு ஏதாவது உதிர்ந்திருக்கிறதா என்பவையே சொல்ல வேண்டியவை. மூலையில் விழுந்த போனின் சட்டம் வளைந்திருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். வளைந்த சட்டத்தில் புதுத் திரை சரியாக உட்காராது. ‘வலது’ என்றால் திரையை நிமிர்த்திப் பார்ப்பவரின் வலது என்று சொல்லிவிடுவதும் நல்லது. பலரும் குழம்புவது இதில்தான்.

அடுத்து படம். திரை முழுவதும் வெள்ளையாகவும் பிறகு கறுப்பாகவும் இருக்கும்படி ஏதேனும் படத்தைத் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். மை கொட்டியதுபோன்ற கறை, மேலிருந்து கீழாக ஓடும் பச்சை அல்லது இளஞ்சிவப்புக் கோடு, முற்றிலும் இருண்ட பகுதி ஆகிய மூன்றும் டிஸ்ப்ளே போனதற்கு அடையாளம். கறை நாளுக்கு நாள் பரவக்கூடும் என்பதால், பார்த்த நாளையும் அப்போதைய அளவையும் சொல்ல வேண்டும்.

டச்சைச் சோதிக்க எளிய வழி, ஓர் ஐகானை அழுத்திப் பிடித்துத் திரை முழுவதும் வரிவரியாக இழுப்பது. அது கைநழுவி நிற்கும் இடத்தில் டச் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் Developer options பகுதியிலுள்ள Pointer location என்பதை இயக்கினால், விரல் போன பாதை கோடாக விழும். இற்ற இடத்தில் கோடு அறுந்திருக்கும். தொடாமலே தானாக ஏதாவது திறந்தால் அதையும் குறிக்க வேண்டும். அது டச் அடுக்கின் சேதத்தைக் காட்டும் முக்கியமான அடையாளம்.

ஒரு போன் கீழ் வலது மூலையில் விழுந்தது என்று கொள்வோம். அதைப் பற்றிக் கடையில் இப்படிச் சொல்லலாம்: “திரையைப் பார்க்கிறப்போ கீழ் வலது மூலையில அடி. அங்கேர்ந்து மூணு கோடு போகுது, ஒண்ணு இடது ஓரம் நடுவரைக்கும் போயிருக்கு. துண்டு உதிரல, சட்டம் வளையல. படம் முழுசா நல்லா தெரியுது, கறை இல்ல, கோடு இல்ல. ஆனா கீபோர்டுல p, l, அழிக்கிற பட்டன் மூணும் வேலை செய்யல. அதுக்கு மேல எல்லா இடமும் சரி.” முதல் பாதியைக் கேட்கும் கடைக்காரர் கண்ணாடி மாற்றும் விலையைத்தான் நினைப்பார். வேலை செய்யாத மூன்று எழுத்துத்தளங்களும் வலது ஓரத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக இருப்பவை. டச்சில் ஒரு பட்டை போயிருக்கிறது என்பது அதிலிருந்தே தெரிகிறது. படம் நன்றாக இருந்தும் அவர் காம்போ விலையையே சொல்வார்.

இத்துடன் போனின் சரியான மாடல் எண்ணும், திரை முன்பு மாற்றப்பட்டதா என்பதும் வேண்டும். ஒரே பெயரில் வெவ்வேறு திரையுள்ள போன்கள் உண்டு. எண்ணை Settings பகுதியில் About phone என்பதில் பார்க்கலாம். அதைத் திறக்க முடியாவிட்டால் வாங்கிய பெட்டியிலோ பில்லிலோ இருக்கும். ஒரிஜினல் திரைக்கும் காப்பித் திரைக்கும் தனித்தனியாக விலை கேட்க வேண்டும். இத்தனை விவரத்துக்குப் பிறகும் கிடைப்பது தோராய விலைதான். கண்ணாடியை மட்டும் பிரிக்கும்போது நன்றாயிருந்த டிஸ்ப்ளே போய்விடக்கூடும். அப்படிப் போனால் செலவு யாருடையது என்பதை வேலையைக் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.