400 விண்ணப்பம், 3 ஆள்

கோவையில் சிட்கோ, கணபதி பக்கத்துப் பட்டறை கேட்டுகளில் ‘ஆட்கள் தேவை’ போர்டு இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் டர்னரும் ஃபிட்டரும் சிஎன்சி ஆப்பரேட்டரும் இப்போது வேலை தேடுவது பெரும்பாலும் செல்போனில். அதனால் ஐம்பது பேர் வேலை செய்யும் கம்பெனிகூட நவுக்ரி, இன்டீட், அப்னா என்று ஏதாவது ஒன்றில் காசு கட்டி விளம்பரம் போடுகிறது. மாதக் கடைசியில் எச்ஆர் பார்ப்பவர் முதலாளியிடம் போய், “400 அப்ளிகேஷன் வந்திருக்குங்க சார், ஒண்ணுக்கு முப்பதே ரூபாதான்” என்பார். முதலாளிக்கும் சந்தோஷம். அந்த 400 பேரில் எத்தனை பேர் இன்று மெஷினில் நிற்கிறார்கள் என்பதுதான் அடுத்து கேட்க வேண்டிய கேள்வி. அதை யாரும் கேட்பதில்லை.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். எண்கள் நான் உதாரணத்துக்காக வைத்தவை. நடப்பது ஏறக்குறைய இப்படித்தான். ஒரு கம்பெனி சிஎன்சி ஆப்பரேட்டர் வேலைக்கு இரண்டு இடங்களில் விளம்பரம் கொடுக்கிறது. முதலாவது, பட்டனைத் தட்டினாலே விண்ணப்பம் போய்விடும் மொபைல் செயலி. செலவு 12,000 ரூபாய், வந்தது 400 விண்ணப்பம். இரண்டாவது, பயோடேட்டாவை முழுதாக நிரப்பினால்தான் விண்ணப்பிக்க முடிகிற இணையதளம். செலவு 18,000 ரூபாய், வந்தது 90 விண்ணப்பம்தான். ஒரு விண்ணப்பத்துக்கு செயலியில் 30 ரூபாய், தளத்தில் 200 ரூபாய்.

செயலி வழியாக வேலையில் சேர்ந்தவர்கள் 6 பேர், தளம் வழியாக 7 பேர். விளம்பரச் செலவை மட்டும் வகுத்தால் செயலியில் ஆளுக்கு 2,000, தளத்தில் ஏறக்குறைய 2,570 ரூபாய். இந்த இடத்தில் கணக்கை மூடினால் செயலிதான் மலிவு. நிறைய பேர் இங்கேதான் மூடுகிறார்கள்.

ஒரு ஆளை எடுக்க ஆகும் செலவை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கு அமெரிக்காவின் மனிதவள அமைப்பான எஸ்எச்ஆர்எம் 2012-லேயே ஒரு தர வரையறை கொண்டுவந்தது. வெளியே கொடுத்த பணத்தோடு உள்ளே செலவான உழைப்பையும் கூட்டி, சேர்ந்தவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அந்த உள்செலவுதான் நம் ஊரில் விட்டுப்போவது. மாதச் சம்பளம் எப்படியும் கொடுக்கிறோமே, அதைத் தனியாக எதற்குக் கணக்கு பார்ப்பது என்ற நினைப்பு.

ஒரு விண்ணப்பத்தைப் பார்த்து, போன் போட்டு, எடுக்காவிட்டால் மறுபடி போட்டு, நாலு கேள்வி கேட்க சராசரியாக 6 நிமிடம் என்று வைப்போம். 400 விண்ணப்பத்துக்கு 40 மணி நேரம். 90-க்கு 9 மணி நேரம். எச்ஆர் ஊழியரின் ஒரு மணி நேரம் 150 ரூபாய் என்றால் செயலிக்கு 6,000, தளத்துக்கு 1,350. நேரில் வந்தவர்களை மெஷினில் நிறுத்தி டிரையல் பார்க்க சூப்பர்வைசருக்கு ஆளுக்கு 250 ரூபாய் மதிப்புள்ள நேரம் போகிறது. செயலியிலிருந்து வந்த 24 பேருக்கு 6,000; தளத்திலிருந்து வந்த 20 பேருக்கு 5,000. மொத்தமாகக் கூட்டினால் செயலிக்கு 24,000, தளத்துக்கு 24,350. ஆளுக்கு 4,000, மற்றதில் சுமார் 3,480. வரிசை மாறிவிட்டது.

இன்னும் ஒரு படி இருக்கிறது. சேர்ந்தவர்கள் 90 நாள் கழித்தும் இருக்கிறார்களா? செயலியில் வந்த 6 பேரில் மிஞ்சியது 3. தளத்தில் வந்த 7 பேரில் 6. நிலைத்த ஆள் ஒருவருக்கு முன்னதில் 8,000, பின்னதில் சுமார் 4,060 ரூபாய். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. விட்டுப்போன மூவருக்குக் கொடுத்த பயிற்சியும் அவர்கள் கையில் ரிஜெக்ட் ஆன ஜாபும் இதில் சேரவே இல்லை.

சரி, செயலியைத் தூக்கிப் போட்டுவிடலாமா? அவசரப்படக் கூடாது. விண்ணப்பதாரரின் தரம் என்பதை மொத்தமாகப் பார்க்காமல், எந்தப் படியில் ஆட்கள் கழிகிறார்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். செயலியில் 400 பேரில் போனில் தேறியவர்கள் 60, அதாவது 15 சதவீதம். தளத்தில் 90-க்கு 30, மூன்றில் ஒருவர். இந்த வித்தியாசம் விளம்பரத்தால் வந்தது. ‘ஆப்பரேட்டர் தேவை, கோயம்புத்தூர்’ என்று மொட்டையாகப் போட்டால் பவர் லூம் ஆப்பரேட்டரும் விண்ணப்பிப்பார், பொள்ளாச்சிக்காரரும் விண்ணப்பிப்பார். நைட் ஷிப்ட் உண்டு என்று சொல்லாமல் விட்டால் அது 90 நாளுக்குள் வேறு வடிவத்தில் வெளியே வரும்.

அடுத்த படிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போனில் தேறிய 60 பேரில் நேரில் வந்தது 24; தளத்தில் 30-க்கு 20. இதைப் பார்த்ததும் ‘செயலியில் வர்றவங்க சீரியஸா இல்லை’ என்று சொல்லத் தோன்றும். 40 மணி நேரம் என்பது ஒரு ஆள் ஐந்து நாள் வேறு வேலையே பார்க்காமல் போன் பேசினால் ஆகிற நேரம். வரிசையில் கடைசியில் இருந்தவருக்குப் போன் போகும்போது ஒரு வாரம் தாண்டியிருக்கும். நல்ல ஆப்பரேட்டர் அதற்குள் வேறு கம்பெனியில் கார்டு பன்ச் பண்ணிக்கொண்டிருப்பார். ஆக, விண்ணப்பம் குவிந்ததே தரத்தைக் குறைத்துவிட்டது. பழி மட்டும் விண்ணப்பித்தவர் மேல். முதல் இரண்டு நாளில் போன் போட்டவர்களில் எத்தனை பேர் வந்தார்கள், அதற்குப் பிறகு போட்டவர்களில் எத்தனை பேர் என்று பிரித்தால் குற்றம் யாருடையது என்று தெரிந்துவிடும்.

இதற்கு மருந்து, விண்ணப்பிக்கும் இடத்திலேயே இரண்டு மூன்று கேள்வி வைப்பது. எந்தக் கண்ட்ரோலரில் ஓட்டியிருக்கிறீர்கள், ஃபனுக்கா சீமென்ஸா? நைட் ஷிப்ட் வர முடியுமா? வீடு எந்தப் பக்கம்? விண்ணப்பம் சட்டென்று குறையும். குறையட்டும். போன் போடும் நேரம்தானே மிச்சமாகிறது? ஆனால் விண்ணப்ப எண்ணிக்கையை வைத்தே எச்ஆர் ஊழியரை மெச்சுகிற கம்பெனியில் இந்தக் கேள்விகளை யாரும் சேர்க்கத் துணிய மாட்டார்கள்.

இரண்டு இடத்தில் கணக்கு ஏமாற்றும். ஒன்று, சின்ன எண்கள். மேலே சொன்னதில் செயலியில் இன்னும் ஒருவர் தங்கி, தளத்தில் ஒருவர் போயிருந்தால் 8,000 என்பது 6,000 ஆகும், 4,060 என்பது 4,870 ஆகும். இரட்டிப்பாகத் தெரிந்த இடைவெளி ஆயிரத்துச் சொச்சமாகச் சுருங்கிவிடும். ஒரு சுற்றை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. அதே வேலைக்கு நாலைந்து சுற்று சேர வேண்டும். இரண்டாவது, ஆள் எந்த வழியாக வந்தார் என்பது. நேர்காணலில் கேட்டால் “ஆன்லைன்ல பார்த்தேங்க” என்பார். இரண்டிலும் விண்ணப்பித்திருப்பார், ரூம்மேட் சொல்லியும் வந்திருப்பார். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தனி ஜாப் கோடு கொடுத்து, போன் நம்பரை வைத்து இரட்டைப் பதிவுகளைக் கழித்தால்தான் இது ஓரளவு சரியாகும்.

அடுத்த விளம்பரத்துக்குப் பணம் கட்டும் முன் ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்துகொள்ளுங்கள். போன் நம்பர், ஜாப் கோடு, விண்ணப்பித்த தேதி, முதல் போன் போட்ட தேதி, டிரையலுக்கு வந்த தேதி, சேர்ந்த தேதி, 90-ஆம் நாள் இருக்கிறாரா இல்லையா: ஏழு பத்தி போதும். தளங்கள் அனுப்பும் ரிப்போர்ட்டில் வியூ, கிளிக், விண்ணப்பம் எல்லாம் இருக்கும். கடைசி மூன்று பத்தியை நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.