'சனிக்கிழமை மட்டும் ஒரு குவார்ட்டர்' ஓகேவா? குடிப்பழக்கத்துக்கு நீங்களே மார்க் போடுவது எப்படி?

"நான் என்ன டெய்லியா குடிக்கிறேன்? வீக்எண்ட் மட்டும்தானே!" பலரும் சொல்லும் பதில் இது. ஆனால், குடிப்பழக்கம் எல்லை தாண்டிவிட்டதா என்பதை நாள் கணக்கை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இதற்காகவே உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது. பெயர், ஆடிட். மொத்தம் 10 கேள்விகள், 40 மதிப்பெண்கள். இதன் முதல் மூன்று கேள்விகளை மட்டும் தனியாகவும் பயன்படுத்துகிறார்கள். அதற்கு ஆடிட்-சி என்று பெயர்.

முதலில், ஒரு 'டிரிங்க்' என்றால் எவ்வளவு?

பெரும்பாலானோர் கோட்டை விடும் இடம் இதுதான். ஆடிட் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது ஒரு கிளாஸோ, ஒரு பாட்டிலோ அல்ல; 10 கிராம் சுத்த ஆல்கஹால். நம்மூரில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம்மில் ஆல்கஹால் அளவு 42.8%. அப்படியென்றால் 30 மில்லி ஸ்மால் ஒரு டிரிங்க். 90 மில்லி கட்டிங் மூன்று. 180 மில்லி குவார்ட்டர் ஆறு. 8% ஆல்கஹால் உள்ள 650 மில்லி ஸ்ட்ராங் பீர், ஏறக்குறைய நான்கு. தண்ணீரோ, சோடாவோ எவ்வளவு கலந்தாலும் கணக்கு மாறாது.

மூன்று கேள்விகள்

1. எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிக்கிறீர்கள்?
ஒருபோதும் இல்லை - 0. மாதம் ஒருமுறை அல்லது அதற்கும் குறைவு - 1. மாதம் 2 முதல் 4 முறை - 2. வாரம் 2, 3 முறை - 3. வாரம் 4 முறை அல்லது அதற்கு மேல் - 4.

2. குடிக்கும் நாளில் வழக்கமாக எத்தனை டிரிங்க்?
1, 2 என்றால் - 0. 3, 4 - 1. 5, 6 - 2. 7 முதல் 9 - 3. 10 அல்லது அதற்கு மேல் - 4.

3. ஒரே அமர்வில் 6 டிரிங்க் அல்லது அதற்கு மேல் குடிப்பது எத்தனை நாளுக்கு ஒருமுறை?
ஒருபோதும் இல்லை - 0. மாதம் ஒருமுறைக்கும் குறைவு - 1. மாதாமாதம் - 2. வாராவாரம் - 3. தினமும் அல்லது கிட்டத்தட்ட தினமும் - 4.

மூன்றையும் கூட்டுங்கள். ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 3 அல்லது அதற்கு மேல் வந்தால், மீதி 7 கேள்விகளையும் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம்

29 வயது ஐடி ஊழியர் ஒருவர், சனிக்கிழமை தோறும் ஒரு குவார்ட்டர் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்விக்கு 2. குவார்ட்டர் என்பது 6 டிரிங்க் என்பதால் இரண்டாவதுக்கு 2. அது வாராவாரம் நடப்பதால் மூன்றாவதுக்கு 3. மொத்தம் 7. இதே நபர் 'ஒரு குவார்ட்டர்னா ஒரு டிரிங்க்தானே' என்று எழுதியிருந்தால் கிடைத்திருப்பது வெறும் 2. பழக்கம் அதேதான், அளவு தப்பானதால், ஆபத்தே இல்லாதவர் போலத் தெரிகிறார்.

மீதிக் கேள்விகள் கடந்த ஓராண்டில் நடந்ததைக் கேட்கின்றன. ஆரம்பித்தால் நிறுத்த முடியாமல் போனதா? செய்ய வேண்டிய வேலை கெட்டதா? காலையில் எழுந்ததும் குடிக்கத் தோன்றியதா? குற்ற உணர்ச்சி வந்ததா? முந்தைய இரவு நடந்தது மறந்துபோனதா? இந்த ஐந்துக்கும், எவ்வளவு அடிக்கடி என்பதைப் பொறுத்து 0 முதல் 4 வரை. கடைசி இரண்டு: குடியால் உங்களுக்கோ, மற்றவருக்கோ அடிபட்டதா? வீட்டாரோ, நண்பரோ, டாக்டரோ 'குறைச்சுக்கோ' என்றார்களா? ஓராண்டுக்கு முன்பு நடந்திருந்தால் 2, கடந்த ஓராண்டுக்குள் என்றால் 4.

நம் ஐடி ஊழியருக்கு நிறுத்த முடியாமல் போனது, வேலை கெட்டது, மறதி மூன்றும் எப்போதாவது நடந்தவை: தலா 1. குற்ற உணர்ச்சி மாதாமாதம்: 2. இந்த வருடம் அம்மா கண்டித்திருக்கிறார்: 4. ஆக மொத்தம் 16.

மதிப்பெண் என்ன சொல்கிறது?

7 வரை என்றால் ஆபத்து குறைவு. 8 முதல் 15 என்றால் குறைத்தே ஆக வேண்டும். 16 முதல் 19 என்றால் கவுன்சலிங்கும், தொடர் கண்காணிப்பும் தேவை. 20 அல்லது அதற்கு மேல் என்றால் அடிமையாகியிருக்க வாய்ப்பு உண்டு. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆனால், இது வெறும் சல்லடைதான். நோய் இருக்கிறதா என்பதை நேரில் பரிசோதித்து மருத்துவர்தான் முடிவு செய்வார்.

ஒரு எச்சரிக்கை: தினமும் குடிப்பவர்கள், காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குபவர்கள், மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு 'இன்னையோட ஸ்டாப்' என்று தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இவர்கள் மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, டெலி மனஸ் மனநல உதவி எண் 14416. இரண்டுமே கட்டணமில்லாதவை.