வீடும் வழக்கும் – 11: மரம் வெட்டியவர் ஒருவர், வழக்கு மூவர் மேல்

மாதச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் தோட்டக்காரர் வேலையில் தவறு செய்தால் வீட்டுக்காரரும் பதில் சொல்லியாக வேண்டும் என்று சென்ற வாரம் பார்த்தோம். கூலி பேசி, ஒரு மரத்துக்காக மட்டும் அழைத்து வந்தவர் தவறு செய்தால்?

இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்காரர் தம் முன்தோட்டத்தில் நின்ற பெரிய மரத்தை அகற்ற, அனுபவமுள்ள மரம்வெட்டி ஒருவரை அமர்த்தினார். கிளைகளை முதலில் கழித்துவிட்டு அடிமரத்தைச் சாய்த்திருந்தால் ஆபத்தே இல்லை. அவரோ கவனமில்லாமல் வெட்டினார். மரம் சாய்ந்து தொலைபேசிக் கம்பிகளை இழுக்க, அவை அறுந்து சாலையில் விழுந்தன. வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கம்பியை அப்புறப்படுத்தப் போனார். வேகமாக வந்த கார் அந்தக் கம்பியில் மோதப்போவதைக் கண்டு புல்தரையில் பாய்ந்து விழுந்தார். அவர் முதுகுத்தண்டில் முன்பே இருந்த ஒரு கட்டி அந்த அதிர்ச்சியில் கசிந்து, உடல் செயலிழந்தது.

வீட்டுக்காரர், மரம்வெட்டி, கார் ஓட்டியவர் மூவருமே பொறுப்பு என்றார் விசாரணை நீதிபதி. வீட்டுக்காரர் மேல்முறையீடு செய்தார். 1969-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை மட்டும் விடுவித்தது. திறமையுள்ளவரைத் தேர்ந்தெடுத்ததோடு அவர் கடமை முடிந்தது. எப்படி வெட்டுவது என்பது வெட்டுபவரின் பொறுப்பு. வேலை நடந்தது சாலையின் மேல் அல்ல, சாலைக்கு அருகில். அருகில் என்பதற்காக மட்டும் வீட்டுக்காரரைப் பிடிக்க முடியாது என்றது தீர்ப்பு.

எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஆனால் இதை நம்பி எல்லா வீட்டுக்காரர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. லண்டனில் ஒரு வீட்டின் முகப்பிலிருந்து நடைபாதைக்கு மேலே நீண்டிருந்த விளக்கைப் பழுதுபார்க்க, கைதேர்ந்த ஒருவரை வைத்தார்கள். சில மாதம் கழித்து அதே விளக்கு விழுந்து கீழே நடந்த பெண் காயமடைந்தார். 1876-இல் வீட்டுக்காரரே நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பொதுவழிக்கு மேலே ஒன்றை நீட்டி வைத்தவர், அதைச் சரியாக வைத்திருக்கும் கடமையை இன்னொருவர் தலையில் கட்டிவிட முடியாது.

இன்னொரு வழியிலும் வீட்டுக்காரர் மாட்டுவார்: சொந்தத் தவறால். கயிறும் கட்டத் தெரியாதவரை மலிவுக்காக மரத்தில் ஏற்றுவது, “அந்தப் பக்கம் சாய்ங்க” என்று தாமே உத்தரவிடுவது, எலெக்ட்ரீஷியன் போனபின் வாசல் கேட்டில் ஷாக் அடிப்பது தெரிந்தும் சும்மா இருப்பது எல்லாம் அந்த வகை. அப்போது ‘நான் ஆள் வைத்துத்தானே செய்தேன்’ என்ற வாதம் நிற்காது.

நம் நாட்டுத் தீங்கியல் சட்டமும் பெரும்பாலும் ஆங்கிலப் பொதுச் சட்டத்திலிருந்து வந்ததே. ஆகவே வேலைக்கு ஆள் பேசும்போது கூலியை மட்டும் கேட்காதீர்கள். இதற்கு முன் எங்கே வெட்டினார், கம்பி ஓடும் பக்கத்தில் என்ன செய்யப்போகிறார் என்பதையும் கேளுங்கள்.